நாம் என்றால் யார் யார்?

ரொம்ப நாளாக ஒரு சிறுகதை கையில் இருக்கிறது. எழுதி முடித்தாயிற்று, ஆனால் படித்த ரெண்டு பேருமே "கதை சரி, அந்தப் பொண்ணு என்னதான் கண்டுபிடிச்சா, அதுல என்ன அவ்வளவு பெரிய விஷயம்?"னு கேட்டார்கள். கதைக்குள் வைத்து அதை விளக்கினால் பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிடும். அதனால் விளக்கத்தை மட்டும் தனிப் பதிவாகப் போட்டுவிடலாம்னு முடிவு பண்ணினேன். சட்டம் பிடிக்காதவர்களும் படிக்கலாம், விஷயம் என்னவோ நம்ம தமிழைப் பற்றியதுதான் :-)

பிழைப்புக்குப் பத்திரம் மொழிபெயர்க்கிறவன் நான். கிரயப் பத்திரம், குத்தகைப் பத்திரம், உயில், பாகப்பிரிவினைன்னு தமிழில் இருப்பதை ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுப்பது வேலை. கதையில் வருகிற பெண் அந்த வேலை செய்கிறவள் இல்லை. அவள் வாய்மொழியாக மொழிபெயர்க்கிறவள். சாட்சி தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும், வக்கீல் ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழிலும் அங்கேயே, அப்போதே சொல்ல வேண்டும். எனக்கு அகராதி உண்டு, யோசிக்க ராத்திரி உண்டு. அவளுக்கு ஒரு குறிப்பு நோட்டும் பேனாவும்தான்.

கதை இதுதான். ஆரல்வாய்மொழிப் பக்கம் அண்ணன் தம்பி மூன்று பேருக்குப் பொதுவான நிலம். அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கணவாய்க் காத்து ஆளைத் தள்ளும், எங்கு பார்த்தாலும் காற்றாலைகள். பக்கத்து நிலத்தில் காற்றாலை வைத்திருக்கும் ஒரு கம்பெனிக்கு, கனரக வண்டிகள் போய்வர இவர்கள் நிலத்தின் ஓரமாக ஒரு பாதை தேவைப்படுகிறது. வருஷம் 3 லட்சம் வாடகைக்குக் குத்தகைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்கிறார்கள். ஒரு பெருமழையில் பாதை அரித்துக்கொண்டு போய்விடுகிறது. கம்பெனி 12 லட்சம் செலவழித்துச் சரிசெய்துவிட்டு, அந்தத் தொகையை வாடகையில் கழிக்க ஆரம்பிக்கிறது. நாலு வருஷம் ஒரு பைசா வரவில்லை. "ஒன்பதாவது ஷரத்துப்படி செலவு உங்களோடது"ங்கறது கம்பெனியின் பதில்.

சகோதரர்கள் நாகர்கோவில் கோர்ட்டில் வழக்குப் போடுகிறார்கள். கம்பெனி உடனே வந்து, பத்திரத்தின் பதினேழாவது ஷரத்தில் தகராறு வந்தால் நடுவரிடம் போவதாக எழுதியிருக்கிறது, அதனால் இது கோர்ட்டில் நடக்கக் கூடாது என்கிறது. 1996ம் வருஷத்து ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 8வது பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. கோர்ட்டும் ஒத்துக்கொண்டு ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பிவிடுகிறது. (இந்த ஒரு தகவலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வேலைக்கு வரும்.)

நடுவர் வட இந்தியாவிலிருந்து வந்து சென்னையில் தங்கிவிட்ட ஓய்வுபெற்ற நீதிபதி. தமிழ் கொஞ்சம் புரியும், படிக்க வராது. கம்பெனிக்கு டெல்லியிலிருந்து ஒரு சீனியர் வக்கீல். விசாரணை மொழி ஆங்கிலம். கட்சிக்காரர்கள் தங்களுக்குள் முடிவு செய்யாவிட்டால் மொழியை நடுவரே தீர்மானிக்கலாம், தாக்கல் செய்யும் ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பும் கேட்கலாம், ரெண்டும் அதே சட்டத்தின் 22வது பிரிவில் இருக்கிறது. அப்படிக் கேட்டபோது பத்திரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தாக்கல் செய்தது கம்பெனி. சகோதரர்களின் வக்கீல் மறுப்புச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அறையில் இருக்கும் எல்லாருக்கும் பத்திரம் என்றால் அந்த ஆங்கிலம்தான். தமிழ் மூலம் கட்டில் அடுத்த தாளாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறது.

இப்போது அந்த ஒன்பதாவது ஷரத்து. தமிழில் இப்படி இருக்கிறது:

"மேற்படி பாதை மழையாலோ வேறு இயற்கைக் காரணங்களாலோ பழுதுபடும் பட்சத்தில் அதைச் செப்பனிடும் செலவை நாமே ஏற்றுக்கொள்வோம். அதற்காக ஊராட்சியையோ வேறு எவரையுமோ கோர மாட்டோம்."

ஆங்கில மொழிபெயர்ப்பில் இருப்பதைத் திரும்பத் தமிழில் சொன்னால்: "செப்பனிடும் செலவைக் குத்தகைக்கு விடுபவர்களே ஏற்க வேண்டும்."

ஒரு நிமிஷம் நிறுத்தி ரெண்டையும் இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். தப்பு எங்கே?

'நாமே'. 'நாங்களே' இல்லை.

நமக்கு இது மூணு வயசிலேயே வந்துவிடுகிற விஷயம். "நாங்க சினிமாவுக்குப் போறோம்"னு வீட்டில் சொன்னால், நீ வரலைன்னு அர்த்தம். குழந்தை அழ ஆரம்பித்துவிடும். "நாம சினிமாவுக்குப் போறோம்"னா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கும். கேட்கிறவனைச் சேர்த்துச் சொல்வது ஒன்று, விலக்கிச் சொல்வது இன்னொன்று. மலையாளத்திலும் தெலுங்கிலும் இந்த வேறுபாடு உண்டு. மலாய் மொழியில் 'கித்தா', 'காமி' என்று உண்டு. ஆங்கிலத்தில் ரெண்டுக்கும் சேர்த்து ஒரே 'வீ'. ஹிந்தியிலும் ஒரே 'ஹம்'. அதாவது கதையில் நடுவருக்குத் தெரிந்த ரெண்டு மொழியிலும் இந்தக் கதவே கிடையாது.

மொழிபெயர்த்தவர் ஏன் கோட்டை விட்டார்? கம்பெனி காசு கொடுத்து மாற்றச் சொன்னதுன்னு கதையில் வைத்திருந்தால் சுலபம். ஆனால் என் அனுபவத்தில் இந்த மாதிரித் தப்பு கெட்ட எண்ணத்தால் வருவதைவிட ஒழுங்குக்கு ஆசைப்பட்டு வருவதுதான் அதிகம். நம்ம குத்தகைப் பத்திரங்களில் பாதி, எழுதிக்கொடுக்கிறவர் தன் வாயால் பேசுகிற மாதிரிதான் இருக்கும். "நாங்கள் எங்கள் அனுபவத்தில் இருந்துவரும் கீழ்க்கண்ட சொத்தை..." என்று போகும். ஆங்கிலப் பத்திரம் அப்படிப் பேசாது. அங்கே ஆட்களுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்து, கடைசிவரை அந்தப் பெயரையே சொல்ல வேண்டும். எனவே மொழிபெயர்ப்பவர் முதல் பக்கத்தில் 'நாங்கள்' வந்த இடத்தில் 'லெஸ்ஸர்ஸ்' என்று போடுகிறார். அது சரிதான். பிறகு தன்மைப் பன்மை வந்த இடத்திலெல்லாம் அதையே போட்டுக்கொண்டு போகிறார். நாலு பக்கம் நாங்கள், எங்கள், எங்களுக்கு என்று வந்து பழகின கை, ஒன்பதாவது ஷரத்தில் 'நாமே' வரும்போதும் நிற்காமல் அதே சொல்லை அடித்துவிடுகிறது. படிக்க வழவழவென்று இருக்கும். வழவழப்பாக இருப்பதாலேயே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது. வினைமுற்றைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. நாம் ஏற்போம், நாங்கள் ஏற்போம், ரெண்டுக்கும் ஒரே '-ஓம்'. தமிழில் எழுவாயை விழுங்கிவிட்டு "ஏற்றுக்கொள்வோம்" என்று மட்டும் எழுதுவதும் சகஜம். அப்படி எழுதியிருந்தால் இந்தக் கதையே இல்லை, யார் என்பது கடைசிவரை தெரிந்திருக்காது. அந்த 'நாமே' என்ற ரெண்டெழுத்து இருந்ததால்தான் ஒரு பிடி கிடைத்தது.

சரி, விசாரணை அறைக்குப் போவோம். பெரியவர், மூத்த சகோதரர், எழுபதைத் தாண்டியவர். ராத்திரி நாகர்கோவிலில் ரயிலேறி, காலையில் எழும்பூரில் இறங்கி நேராக வந்திருக்கிறார். அவருடைய முதல் விசாரணை வாக்குமூலம் வக்கீல் ஆங்கிலத்தில் தயாரித்தது, பெரியவர் கையெழுத்துப் போட்டது. எனவே முதன்முதலாக அவர் தன் வாயால் பேசப்போவது குறுக்கு விசாரணையில்தான். அந்தப் பெண்ணும் பிரமாணம் எடுத்துக்கொள்கிறாள். 1969ம் வருஷத்துப் பிரமாணச் சட்டப்படி சாட்சி மட்டுமில்லை, சாட்சிக்கு மொழிபெயர்ப்பவரும் பிரமாணம் எடுக்க வேண்டும். இது அவளுக்கு மூன்றாவது ஆர்பிட்ரேஷன். இருபத்தாறு வயசு.

சீனியர் கேட்கிறார்: "ஒன்பதாவது ஷரத்தில் செப்பனிடும் செலவை நீங்களே ஏற்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறீர்கள், சரிதானே?" அவள் தமிழில் சொல்கிறாள். பெரியவர் மேஜையில் இருக்கும் தமிழ்த் தாளைக் கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, வக்கீலைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொல்கிறார்:

"மக்ளே, நாம்னுல்லா போட்டிருக்கு. நாங்கன்னா போட்டிருக்கு?"

அவள் வாயைத் திறக்கிறாள். வரவேண்டிய ஆங்கிலம் என்ன தெரியுமா? "இட் சேஸ் வீ. டஸ் இட் சே வீ?"

'வீ'ன்னு போட்டிருக்கு. 'வீ'ன்னா போட்டிருக்கு? அறையில் இருப்பவர்கள் பெரியவரை மறை கழன்றவர் என்று நினைத்துவிடுவார்கள். அந்த நொடியில்தான் அவள் குனிந்து தமிழ் ஷரத்தையும் பக்கத்தில் ஆங்கிலத்தையும் பார்க்கிறாள். கண்டுபிடித்தது உண்மையில் பெரியவர்தான். அவர் சொன்னது ஆங்கிலத்துக்குள் போக மறுக்கிறது என்பதை மட்டும்தான் அவள் கவனிக்கிறாள்.

என் கதை இந்த இடத்தில்தான் மூச்சு வாங்குகிறது. அவளுக்கு முன்னால் நாலு வழி.

முதல் வழி, சத்தமில்லாமல் "இட் சேஸ் வீ" என்று சொல்லிவிட்டுப் போவது. யாரும் தப்புச் சொல்ல முடியாது. நடுவர், சுருக்கெழுத்தரிடம் "சாட்சி ஷரத்தை ஒப்புக்கொள்கிறார்" என்று சொல்லி எழுதவைப்பார். நம்ம ஊர் விசாரணைகளில் கேள்வி-பதிலை நடுவர் தானே சொல்லி எழுதவைப்பது இன்றும் வழக்கம். சாட்சி பேசியது ஏட்டில் இருக்காது, நடுவருக்குப் புரிந்தது இருக்கும்.

இரண்டாவது வழி, "கம்பெனியையும் சேர்த்து நாம் எல்லோரும் என்று எழுதியிருக்கிறது" என்று விரித்துச் சொல்வது. அர்த்தம் சரி. ஆனால் சாட்சி 'கம்பெனி' என்ற சொல்லையே சொல்லவில்லை. சொல்லாததை அவர் வாயில் வைத்தால் அவள் மொழிபெயர்ப்பாளர் இல்லை, அவருக்கு இன்னொரு வக்கீல்.

மூன்றாவது வழி, டீ இடைவேளையில் பெரியவரின் வக்கீல் காதில் போடுவது. கதை படித்த ரெண்டு நண்பர்களும் "இதைச் செய்திருக்கலாமே"ன்னுதான் கேட்டார்கள். மனசுக்கு நியாயமாகப் படுவதும் இதுதான், இருப்பதிலேயே மோசமானதும் இதுதான். ஒரு தரப்பிடம் மட்டும் ரகசியமாகப் பேசினாள் என்று தெரிந்த நிமிஷம் அவள் அன்று மொழிபெயர்த்த ஒவ்வொரு வரியும் சந்தேகத்துக்கு உள்ளாகும். பெரியவரின் சாட்சியமே அடிபடும்.

நாலாவது வழியை அவள் எடுக்கிறாள். கையை லேசாக உயர்த்தி, நடுவரைப் பார்த்து, தன்னைத் தானே படர்க்கையில் சொல்லிக்கொண்டு பேசுகிறாள். "நான்" என்று சொன்னால் அது சாட்சி சொன்னதாக ஏட்டில் ஏறிவிடும். அதனால் மொழிபெயர்ப்பாளர்கள் தங்கள் பேச்சை "மொழிபெயர்ப்பாளர்" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

"மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் சொல்ல அனுமதி கேட்கிறார். சாட்சி தன் பதிலில் இரண்டு வெவ்வேறு சொற்களைப் பயன்படுத்தினார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான் இருக்கிறது. முதல் சொல் பேச்சைக் கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது. இரண்டாவது சொல் கேட்பவரை விலக்கியது. முதல் சொல் இருக்கிறது என்றும், இரண்டாவது இருக்கிறதா என்றும் சாட்சி கேட்கிறார்."

அவ்வளவுதான். ஒன்பதாவது ஷரத்தின் மொழிபெயர்ப்பு தப்பு என்று அவள் சொல்லவில்லை. அது அவள் வேலை இல்லை. யாருக்குச் சாதகம் என்றும் சொல்லவில்லை. சாட்சி வாயிலிருந்து வந்த ரெண்டு சொல்லைப் பற்றி மட்டும், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்.

சீனியர் எழுந்துவிடுகிறார். "இவர் சாட்சியா, நிபுணரா? பத்திரத்துக்கு அர்த்தம் சொல்ல இவர் யார்?" ஆட்சேபணை நியாயமானதுதான். கம்பெனியின் ஜூனியர் வக்கீல் மட்டும் தலை நிமிரவில்லை. திருநெல்வேலிக்காரப் பையன், அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. (அவனை வைத்தே இன்னொரு கதை எழுதலாம்.)

நடுவர் ரெண்டு காரியம் செய்கிறார். சாட்சி சொன்ன ரெண்டு தமிழ்ச் சொற்களையும் ஒலிப்படி அப்படியே ஏட்டில் பதியச் சொல்கிறார். ஒன்பதாவது ஷரத்துக்கு இருதரப்பும் ஒத்துக்கொள்கிற ஒரு மொழிபெயர்ப்பாளரிடம் புது மொழிபெயர்ப்பு வாங்கி ஒரு வாரத்துக்குள் தாக்கல் செய்ய உத்தரவிடுகிறார். பிறகு "அடுத்த கேள்வி" என்கிறார். குறுக்கு விசாரணை தொடர்கிறது.

இதற்குப் போய் இவ்வளவு பதற்றமா, பின்னால் மேல்முறையீட்டில் பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றலாம். ஆர்பிட்ரேஷனில் அந்தப் "பின்னால்" பெரும்பாலும் கிடையாது. தீர்ப்பு கையில் கிடைத்த 30 நாளுக்குள் 33வது பிரிவில் திருத்தம் கேட்கலாம், ஆனால் அது கூட்டல் பிழை, எழுத்துப் பிழை, தட்டச்சுப் பிழைகளுக்கு. 34வது பிரிவில் மூன்று மாசத்துக்குள் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம், ஆனால் சாட்சியத்தை மறுபடி எடைபோடுவது அங்கே நடக்காது. மறுப்பில்லாமல் தாக்கலான மொழிபெயர்ப்பை நம்பி நடுவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அதை அசைப்பது ரொம்பக் கஷ்டம். அந்த அறையில், அந்தப் பதிலுக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் இருந்த இடைவெளிதான் கிட்டத்தட்ட முழு வாய்ப்பும்.

பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. துருக்கிக்கும் துர்க்மெனிஸ்தானுக்கும் இடையில் 1992ல் போட்ட முதலீட்டு ஒப்பந்தத்துக்கு ஆங்கிலம், ரஷ்யன் ரெண்டு மூலங்கள். முதலீட்டாளர் முதலில் உள்ளூர் கோர்ட்டுக்குப் போயே ஆகவேண்டுமா, போனாலும் போகலாமா என்பது அதில் ஒரு 'ஆனால்', ஒரு 'எனில்' சேர்ந்து வரும் வரியில் தொங்கிக்கொண்டிருந்தது. கிலிச் என்ற துருக்கிக் கட்டுமானக் கம்பெனியின் வழக்கில், ஆங்கிலம் குழப்பமாக இருக்கிறது, ரஷ்யன் தெளிவாக இருக்கிறது, போயே ஆகவேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். 2013ல் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பு. 2015ல் முஹம்மத் சாப் வழக்கில் இன்னொரு தீர்ப்பாயம் அதே வரியைப் படித்து, போவது கட்டாயமில்லை என்றது. ஒரே வரி, ரெண்டு மொழி, ரெண்டு முடிவு.

நம்ம கதைக்கு வருவோம். 'நாமே' என்பதாலேயே பெரியவர் ஜெயித்துவிடுவாரா? கம்பெனி வக்கீல் சும்மா இருக்க மாட்டார். "பத்திர எழுத்தர் நாம், நாங்கள் எல்லாம் பார்த்தா எழுதினார்? ரெண்டையும் ஒரே அர்த்தத்தில்தான் போட்டிருக்கிறார்" என்பார். இது லேசில் தள்ளிவிடக் கூடிய வாதம் இல்லை. யாழ்ப்பாணத்து நண்பர்கள் பேசும்போது என்னையும் சேர்த்தே "நாங்கள்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். ராஜா தன்னை மட்டும் "நாம்" என்று சொல்லிக்கொள்வதும் நம் மொழியில் உண்டு.

இதற்கு அகராதியைக் காட்டிப் பிரயோஜனம் இல்லை. இந்தப் பத்திரத்தை எழுதியவர் இந்தப் பத்திரத்தில் எப்படி எழுதியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். இந்த மாதிரிச் சந்தேகம் வந்தால் நான் செய்வதும் அதுதான். மூலத்தில் தன்மைப் பன்மை வரும் ஒவ்வொரு இடத்தையும் பென்சிலால் வட்டமிட்டு ரெண்டு பட்டியலாகப் பிரிப்பேன். கதையில் பெரியவரின் வக்கீல் அன்று ராத்திரி இதைச் செய்கிறார். 'நாங்கள், எங்கள்' வகை இருபத்துநாலு இடம். எல்லாமே நிலம், பட்டா, தீர்வை என்று சகோதரர்களுக்கு மட்டும் உரியவை. 'நாம், நம்' வகை மூன்றே இடம். ஒன்று, கடைசியில் "நாம் மனப்பூர்வமாகச் சம்மதித்து" என்று ரெண்டு தரப்பும் கையெழுத்துப் போடும் இடம். இன்னொன்று ஒன்பதாவது ஷரத்து. மூன்றாவது எது தெரியுமா?

பதினேழாவது ஷரத்து. "நம்மிடையே தகராறு ஏதும் ஏற்பட்டால் நடுவர் வைத்துத் தீர்த்துக்கொள்வோம்."

இதே பத்திரத்தில் 'நாம்' என்பதற்கு நாங்கள் என்றுதான் அர்த்தம் என்று கம்பெனி சொன்னால், இந்த ஷரத்துக்கு அண்ணன் தம்பிகளுக்குள் சண்டை வந்தால் நடுவர் வைப்போம் என்று அர்த்தமாகிவிடும். அப்படியானால் கம்பெனி எந்த ஷரத்தைக் காட்டி கோர்ட்டிலிருந்து இவர்களை இங்கே இழுத்து வந்ததோ, அந்த ஷரத்தே கம்பெனிக்குப் பொருந்தாது. அந்த வரியை மட்டும் மொழிபெயர்ப்பாளர் "இரு தரப்பினருக்கும் இடையே" என்று சரியாகவே போட்டிருந்தார். தகராறு தீர்க்கிற இடத்தில் 'நாம்' நம்ம எல்லாரும், செலவு பண்ணுகிற இடத்தில் 'நாம்' நீங்க மட்டும்!

ஆனாலும் ஒரு எல்லை இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். செலவு ரெண்டு பேருக்கும் பொது என்று நிலைநாட்டலாமே தவிர, ஆளுக்கு எவ்வளவு என்று ஷரத்தில் இல்லை. 1872ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 43வது பிரிவில், கூட்டாக வாக்குக் கொடுத்தவர்கள் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் சமமாகப் பங்களிக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் அது இவர்கள் கூட்டாக மூன்றாவது ஆளுக்குக் கொடுத்த வாக்கைப் பற்றியது, இங்கே அப்படியே ஒட்டாது. துணைக்கு அழைத்துக்கொள்ளலாம். நடுவர் அதன் நிழலில் சரிபாதி என்றால், 12 லட்சத்தில் 6 லட்சம் பெரியவர் குடும்பத்துக்குத் திரும்பும். ரெண்டு வருஷ வாடகை. கதையில் நான் தீர்ப்பு வரை போகவில்லை.

கதை முடிவது வேறு இடத்தில். விசாரணை முடிந்து லிப்டுக்குக் காத்திருக்கிறார்கள். பெரியவர், பையை மார்போடு அணைத்தபடி அவளிடம் கேட்கிறார்: "நான் சொன்னது சரியா போய்ச் சேர்ந்துதா மக்ளே?"

அவருடைய சாட்சியம் இன்னும் முடியவில்லை, மறுநாளும் அவர் கூண்டில் இருக்க வேண்டும். அவரிடம் வழக்கைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஆமாம் என்று தலையாட்டினால்கூட அது பேச்சுதான். "ரயில் எத்தனை மணிக்குய்யா?" என்று கேட்கிறாள். அவர் முகம் லேசாக வாடுகிறது. "நாளைக்கும் இருக்குல்லா" என்கிறார். லிப்ட் வருகிறது. அவர் ஏறிய பிறகு அவள் படியில் இறங்குகிறாள்.

இந்த முடிவை மாற்று, அவள் ஒரு சிரிப்பாவது சிரிக்கட்டும் என்று ஒரு நண்பர் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை. பெரியவருக்காக அவள் செய்த நல்ல காரியம், அவரிடமே சொல்ல முடியாததாக இருந்தால்தான் அது செல்லுபடியாகும்.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நாம், நாங்கள், யாம், நம்மில் ஒன்று இலக்கமிட்டவர் என்று உங்கள் ஊர் எழுத்தர் எதை எங்கே போட்டிருக்கிறார் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள், ஊர் பேர் சர்வே நம்பர் எல்லாம் வேண்டாம். முக்கியமாக ஈழத்து நண்பர்களிடம் கேட்கிறேன், உங்கள் பக்கத்து உறுதிகளில் 'நாங்கள்' என்று எழுதியிருந்தால் அதில் எதிராளியும் உண்டா?

டிஸ்கி: கதையில் வரும் பத்திரம், கம்பெனி, பெரியவர் எல்லாம் கற்பனை. சட்டப் பிரிவுகளும் அந்த ரெண்டு துருக்கி வழக்குகளும் நிஜம். 'நாமும்' 'நாங்களும்' அதைவிட நிஜம்.